அசிட்டோஃபீனோன் மானிக் வினை: படிகம் ஏன் வரவில்லை, காரம் ஊற்றியதும் ஏன் கண் எரிந்தது?

கேள்வி: எம்எஸ்சி புராஜெக்டுக்காக 6 கிராம் அசிட்டோஃபீனோன், ஃபார்மலின், டைமெத்தில்அமீன் ஹைட்ரோகுளோரைடு மூன்றையும் எத்தனாலில் போட்டு ரிஃப்ளக்ஸ் செய்தேன். படிகம் வரவே இல்லை, பிசின் மாதிரி நின்றது. விளைபொருள் அமீன்தானே என்று சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஊற்றி வாட்டர் பாத்தில் சூடாக்கினேன். கண் எரிச்சல் தாங்க முடியவில்லை. கடைசியில் ரப்பர் மாதிரி ஒன்றுதான் மிச்சம். எங்கே தப்பு? இந்த வினையை ஏன் அமிலத்தில் செய்யச் சொல்கிறார்கள்?

பதில்:

உங்கள் வினை அநேகமாக நடந்துதான் இருக்கும். விளைபொருளை வெளியே எடுக்கும்போதுதான் அது கையை விட்டுப் போயிருக்கிறது. ஃபார்மலினில் இருந்த நீர் படிகத்தைத் தடுத்தது. காரமும் சூடும் சேர்ந்து, உருவாகியிருந்த பொருளைத் திரும்பப் பிரித்துவிட்டன. இரண்டாவதுதான் பெரிய தப்பு. அது ஏன் என்று புரிய, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

குடுவைக்குள் முதலில் சந்திப்பது கீட்டோனும் ஃபார்மால்டிஹைடும் அல்ல, அமீனும் ஃபார்மால்டிஹைடும்தான். டைமெத்தில்அமீனின் நைட்ரஜனில் உள்ள தனித்த இரட்டை எலக்ட்ரான் ஃபார்மால்டிஹைடின் கார்பனைத் தாக்குகிறது. (CH3)2N-CH2-OH என்ற ஹெமிஅமினால் உருவாகிறது. அதிலுள்ள OH தொகுதி அப்படியே விலகிப் போகாது. அமிலம் அதற்கு ஒரு புரோட்டான் கொடுத்தால் நீராக விலகும். அப்போது மிஞ்சுவது CH2=N(CH3)2+ என்ற இமினியம் அயனி. வெறும் ஃபார்மால்டிஹைடைவிட இது பல மடங்கு வலுவான எலக்ட்ரான் கவர் பொருள்.

இன்னொரு பக்கம், அதே அமிலத்தின் உதவியால் அசிட்டோஃபீனோனில் ஒரு சிறு பங்கு ஈனால் வடிவத்துக்கு மாறுகிறது. ஈனாலின் ஆல்ஃபா கார்பன் இமினியத்தின் CH2 மீது போய்ச் சேர்கிறது. கார்பன்–கார்பன் பிணைப்பு உருவாவது இந்த இடத்தில்தான். கிடைப்பது PhCOCH2CH2N(CH3)2, அதாவது பீட்டா-டைமெத்தில்அமினோபுரோபியோஃபீனோன். குடுவையில் அமிலம் இருப்பதால் இது ஹைட்ரோகுளோரைடு உப்பாகவே இருக்கும்.

அமிலம் வேண்டும் என்றால் நிறைய ஊற்றலாமே என்று தோன்றும். ஒரு மாணவர் வினை வேகமாகட்டும் என்று இரண்டு மூன்று துளிக்குப் பதிலாக 10 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போட்ட அசிட்டோஃபீனோனில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. காரணம் எளிது. டைமெத்தில்அம்மோனியம் அயனியின் pKa சுமார் 10.7. பிஎச் 5 அளவில் இருக்கும்போதே ஏறக்குறைய ஐந்து லட்சத்தில் ஒரு மூலக்கூறுதான் புரோட்டான் ஏறாத அமீனாக இருக்கும். அது போதும், ஏனென்றால் அது செலவாகச் செலவாகச் சமநிலை அடுத்ததைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிஎச் பூஜ்யத்துக்குப் போனால் அது ஏறக்குறைய ஐந்தாயிரம் கோடியில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஃபார்மால்டிஹைடைத் தாக்க ஆளே இருக்காது. இவை நீரில் போடும் கணக்குகள். எத்தனாலில் எண்கள் மாறும், போக்கு மாறாது.

அதனால்தான் அமீனைத் தனியாகவும் அமிலத்தைத் தனியாகவும் அளந்து ஊற்றாமல், அமீனின் ஹைட்ரோகுளோரைடையே எடுக்கிறோம். தேவையான அமீனும் தேவையான அமிலமும் அந்த ஒரே உப்பில் இருக்கின்றன. வினை முடியும்போதும் அமிலம் குறைவதில்லை, கூடுவதுமில்லை. அமீன் உப்பு போய் விளைபொருளின் உப்பு வருகிறது, கூடவே ஒரு மூலக்கூறு நீர். மேலே சேர்க்கும் இரண்டு துளி அமிலம், கரைசல் அமிலப் பக்கமே நிற்பதை உறுதி செய்யவும் பாராஃபார்மால்டிஹைடு உடைந்து ஃபார்மால்டிஹைடாக உதவவும்தான்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதிகம் ஊற்றக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்தால் பிஸ்(குளோரோமெத்தில்) ஈதர் உருவாக வாய்ப்பு இருக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் மிகக் கொடிய பொருள். ஃபார்மால்டிஹைடும் புற்றுநோய்க் காரணி என்று உறுதி செய்யப்பட்டதுதான். எனவே இந்த வினையை எவ்வளவு சின்ன அளவில் செய்தாலும் ஃபியூம் ஹூடுக்குள்தான் செய்ய வேண்டும். அமிலத்தை உலர்ந்த பாராஃபார்மால்டிஹைடு மேல் நேராக ஊற்றாமல் எத்தனாலில் கலந்து சேருங்கள்.

சரி, இப்போது காரத்துக்கு வருவோம்.

உங்கள் விளைபொருளில் கார்போனைலுக்குப் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதற்கு அடுத்த கார்பனில் அமீன் இருக்கிறது. காரம் பக்கத்து ஹைட்ரஜனை எடுத்தால் ஈனோலேட் உருவாகும். ஈனோலேட்டின் எலக்ட்ரான்கள் உள்ளே தள்ளினால் அமீன் வெளியேறிவிடும். மிஞ்சுவது PhCOCH=CH2, ஃபீனைல் வைனைல் கீட்டோன். இந்த நீக்கவினை மைக்கேல் சேர்க்கையின் நேர் எதிர்த்திசை. சூடு அதை வேகப்படுத்தும். டைமெத்தில்அமீன் 7 டிகிரியிலேயே கொதிக்கும் வாயு என்பதால், வாட்டர் பாத்தில் வைத்தால் வெளியேறியது திரும்பி வந்து சேராது. சமநிலை முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

மீன் நாற்றம் அடித்திருந்தால் அது டைமெத்தில்அமீன். கண்ணை எரித்தது பெரும்பாலும் ஃபீனைல் வைனைல் கீட்டோன். இத்தகைய வைனைல் கீட்டோன்கள் கண்ணிலும் தோலிலும் உள்ள புரதங்களின் கருக்கவர் தொகுதிகளோடு சேரக்கூடியவை, அதனால்தான் அப்படி எரிக்கின்றன. காரத்தில் சூடாக இருந்தால் இது தனக்குத்தானே சேர்ந்து பாலிமராகும். உங்கள் ரப்பர் அதுதான்.

உப்பாக இருக்கும்வரை இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. நைட்ரஜன் மேல் புரோட்டான் இருக்கிறது, சுற்றிலும் காரம் இல்லை, ஈனோலேட் உருவாக வழியில்லை. இமினியத்தை உருவாக்கிக் கொடுத்த அதே அமிலம்தான் விளைபொருளையும் காக்கிறது. மானிக் வினையில் விளைபொருளை உப்பாகப் படிகமாக்கி, உப்பாகவே பாட்டிலில் வைப்பது வெறும் பழக்கம் அல்ல, இதுதான் காரணம்.

உங்கள் அளவுக்கே செய்முறையைச் சொல்கிறேன். இது நெடுங்காலமாக நம்பிக்கையோடு செய்யப்படும் முறையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அசிட்டோஃபீனோன் 6.0 கிராம், அதாவது 0.05 மோல். டைமெத்தில்அமீன் ஹைட்ரோகுளோரைடு 5.3 கிராம், 0.065 மோல். பாராஃபார்மால்டிஹைடு 2.0 கிராம், ஃபார்மால்டிஹைடாகக் கணக்கிட்டால் 0.067 மோல். 95 சதவீத எத்தனால் 8 மி.லி., அதில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.1 மி.லி., அதாவது இரண்டு மூன்று துளி. இவற்றை ரவுண்ட் பாட்டம் குடுவையில் போட்டு இரண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்யுங்கள். ஆரம்பத்தில் கலங்கலாக, அடியில் வெள்ளைப் பொடியோடு இருக்கும். போகப்போகத் தெளிந்து இளமஞ்சளாகும். அந்தத் தெளிவுதான் வினை நடக்கிறது என்பதற்கு முதல் அடையாளம்.

இரண்டு மணி நேரம் ஆகியும் வெள்ளைப் பொடி அடியில் தங்கினால் பாராஃபார்மால்டிஹைடு பழையது என்று சந்தேகப்படுங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த பாட்டிலில் சங்கிலி நீண்டு, லேசில் உடையாத பொடியாக மாறியிருக்கும். அதற்காக இன்னும் கொஞ்சம் அமிலம் ஊற்ற வேண்டாம். புது பாட்டில் கேளுங்கள்.

தெளிந்த கரைசலைச் சூடாக இருக்கும்போதே கூம்புக் குடுவைக்கு மாற்றி 40 மி.லி. அசிட்டோனைச் சேருங்கள். தானாக ஆறட்டும், ஐஸில் உடனே வைக்க வேண்டாம். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு எத்தனாலில் கரையும், அசிட்டோனில் கரையாது. இந்த வேறுபாட்டை நம்பித்தான் முழுப் பிரித்தெடுப்பும் நடக்கிறது. காலையில் பெரிய படிகங்கள் இருக்கும். வடிகட்டி, இரண்டு மூன்று மி.லி. அசிட்டோனால் கழுவி, 40–50 டிகிரியில் உலர்த்துங்கள். 7.2 முதல் 7.7 கிராம் வரை வர வேண்டும். முழு விளைச்சல் 10.7 கிராம் என்பதால் இது சுமார் 70 சதவீதம்.

இப்போது ஃபார்மலின் செய்த வேலை புரியும். 2 கிராம் ஃபார்மால்டிஹைடு வேண்டுமென்றால் 37 சதவீத ஃபார்மலினில் சுமார் 5.4 கிராம் எடுக்க வேண்டும். கூடவே மூன்று கிராமுக்கு மேல் நீரும் கொஞ்சம் மெத்தனாலும் வந்துவிடும். மானிக் வினை நீரில் நடக்காது என்று சொல்லவில்லை, ஃபார்மலினில் நன்றாக நடக்கும் மானிக் வினைகள் நிறைய உண்டு. ஆனால் உங்கள் உப்பு நீரில் மிக நன்றாகக் கரையும். 8 மி.லி. எத்தனாலோடு அவ்வளவு நீரும் இருந்தால் அசிட்டோனை ஊற்றினாலும் உப்பு படிகமாக இறங்காது. பிசினாகப் பிரியும், அல்லது கரைசலிலேயே தங்கிவிடும்.

அடுத்த முறை அப்படிப் பிசின் வந்தால் பதறாதீர்கள், காரத்தைத் தேடிப் போகாதீர்கள். ரோட்டரி ஆவியாக்கியில் 50 டிகிரிக்கு மேல் போகாமல் கரைப்பானை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் நீரற்ற எத்தனால் சேர்த்து மறுபடி எடுங்கள். இப்படி இரண்டு தடவை செய்தால் நீரின் பெரும்பகுதி எத்தனாலோடு சேர்ந்தே போய்விடும். மிஞ்சியதை முடிந்தவரை குறைந்த சூடான எத்தனாலில் கரைத்து, அசிட்டோனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கண்ணாடிக் கம்பியால் உள்சுவரைச் சுரண்டுங்கள். பெரும்பாலும் அசைந்து கொடுக்கும்.

படிகம் வந்துவிட்டது என்றாலே விளைபொருள் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வினைபுரியாத டைமெத்தில்அமீன் ஹைட்ரோகுளோரைடும் வெள்ளைப் படிகம்தான், அதுவும் நீரில் கரையும், அதன் உருகுநிலை சுமார் 170 டிகிரி. அதை 0.015 மோல் கூடுதலாகவே போட்டிருக்கிறோம், எனவே கொஞ்சம் கூடவே வர வாய்ப்புண்டு. முதலில் கிடைக்கும் படிகம் 138–141 டிகிரியில் உருகும். 8.5–9 மி.லி. சூடான எத்தனாலில் கரைத்து, மெதுவாக 45 மி.லி. அசிட்டோன் சேர்த்து மறுபடிகமாக்கினால் 155–156 டிகிரிக்கு ஏறும். சுமார் 15 டிகிரி ஏற்றம் என்பது கழிவு எவ்வளவு போயிற்று என்பதற்கு நல்ல சாட்சி. இந்த மறுபடிகமாக்கலைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே மிச்சப்படுத்தும் ஒரு நாளுக்கு அடுத்த படியில் ஒரு வாரம் கொடுக்க வேண்டி வரும்.

அடையாளம் காண ஐஆரை மட்டும் நம்ப வேண்டாம். அசிட்டோஃபீனோனிலும் விளைபொருளிலும் கார்போனைல் பென்சீன் வளையத்தோடுதான் ஒட்டியிருக்கிறது. இரண்டிலும் உச்சி 1685 பக்கத்திலேயே வரும். உப்பின் N-H பிணைப்பால் 2400–2700 பகுதியில் வரும் அகலமான பட்டை கொஞ்சம் உதவும். ஆனால் மிச்சமிருக்கும் டைமெத்தில்அமீன் உப்பும் அந்தப் பகுதியில் பட்டை காட்டும். புரோட்டான் என்எம்ஆர்தான் சரியான வழி. D2O-வில் எடுத்தால் 2.9 பக்கத்தில் ஆறு ஹைட்ரஜனுக்கு ஒரு கூர்மையான உச்சி, 3.5 சுற்றி இரண்டு CH2, 7.5 முதல் 8 வரை ஐந்து அரோமாட்டிக் ஹைட்ரஜன்கள். அசிட்டோஃபீனோனின் மெத்தில் 2.6 பக்கத்தில் மூன்று ஹைட்ரஜனாக நிற்கும், அது இருக்கக் கூடாது. 6 முதல் 7 வரையுள்ள வைனைல் பகுதியும் காலியாக இருக்க வேண்டும்.

டிஎல்சி பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உப்பு சிலிக்காவில் அடிக்கோட்டிலேயே உட்காரும். நகர்த்துவதற்காகக் கரைப்பானில் டிரைஎத்தில்அமீன் சேர்த்தால் தகட்டிலேயே கொஞ்சம் வைனைல் கீட்டோன் உருவாகி மேலே ஒரு புள்ளி காட்டலாம். அதைப் பார்த்து மாதிரி சுத்தமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஈரிணைய அமீனையே ஏன் எடுக்கிறோம் என்பது உங்கள் கேள்வியில் இல்லை. ஆனாலும் இந்த வினை பிறந்த கதையே அதுதான் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் மானிக் 1912-ல் ஆன்டிபைரின், ஃபார்மால்டிஹைடு, அம்மோனியம் குளோரைடு மூன்றும் சேர்ந்து உருவான பொருளை ஆராய்ந்து வெளியிட்டார். அம்மோனியாவில் மூன்று ஹைட்ரஜன் இருந்ததால் மூன்று ஆன்டிபைரின்கள் ஒரே நைட்ரஜனில், ஆளுக்கு ஒரு CH2 பாலம் வழியாக வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரிணைய அமீனை எடுத்தால் இரண்டு தடவை நடக்கும். ஈரிணைய அமீனில் ஒரே ஒரு ஹைட்ரஜன் என்பதால் நைட்ரஜன் பக்கம் ஒரு தடவையோடு நின்றுவிடும். மூவிணைய அமீனால் இமினியமே உருவாகாது.

நைட்ரஜன் பக்கம் நின்றாலும் கார்பன் பக்கம் நிற்கும் என்று உறுதி இல்லை. அசிட்டோஃபீனோனின் மெத்திலில் மூன்று ஹைட்ரஜன் இருக்கிறது. முதல் CH2N(CH3)2 ஏறிய பிறகும் இரண்டு மிச்சம், எனவே இரண்டாவது ஏறிய பொருளும் கொஞ்சம் உருவாகலாம். உங்கள் அளவுகளில் அது பெரிய தொல்லை தராது, மறுபடிகமாக்கலில் போய்விடும். ஆனால் ஃபார்மால்டிஹைடையும் அமீன் உப்பையும் இரண்டு மடங்கு போட்டால் தொல்லைதான். அசிட்டோன் மாதிரி இரண்டு பக்கமும் மெத்தில் உள்ள மலிவான கீட்டோனில் இந்த ஆபத்து அதிகம். அங்கே கீட்டோனையே ஐந்து மடங்கு அளவுக்கு அதிகமாக எடுத்து, இமினியம் எப்போதும் புது அசிட்டோனையே சந்திக்கும்படி செய்வார்கள்.

புராஜெக்டின் அடுத்த படிக்கு உண்மையிலேயே உப்பில்லாத அமீன் வேண்டுமென்றால் எடுக்கலாம், ஆனால் இப்படி எடுங்கள். உப்பை ஐஸ் நீரில் கரைத்து, குடுவையை ஐஸிலேயே வைத்து, குளிர்ந்த சோடியம் கார்பனேட் கரைசலை மெதுவாகச் சேருங்கள். உடனே ஈதரால் இரண்டு தடவை பிரித்தெடுத்து, உலர்த்தி, சூடில்லாமல் ஈதரை எடுத்துவிட்டு, அன்றைக்கே பயன்படுத்துங்கள். அதைக் காய்ச்சி வடிக்க நினைக்க வேண்டாம், பாட்டிலில் போட்டு அடுத்த வாரத்துக்கு வைக்கவும் வேண்டாம். பல நேரங்களில் இதுகூடத் தேவைப்படாது. நடுக்குவாதத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டைமெத்தில்அமீனுக்குப் பதில் பைப்பெரிடினை வைத்து இதே வினையைச் செய்து, கிடைக்கும் கீட்டோனோடு சைக்ளோஹெக்சில் கிரிக்னார்டு கரணியைச் சேர்ப்பதுதான் அதன் வழி. கார்போனைல் ஆல்கஹாலாகிவிட்ட பிறகு அமீன் இந்த வழியில் நழுவ முடியாது. நீக்கவினைக்குத் தேவையான அமிலத்தன்மை கொண்ட ஹைட்ரஜன் அங்கே இல்லையே.

உங்களை அழவைத்த அதே நீக்கவினையை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்களும் உண்டு. வைனைல் கீட்டோன்களைப் பாட்டிலில் வைத்தால் பாலிமராகிவிடும் என்பதால், ராபின்சன் குழுவினர் 1937-ல் மானிக் அமீனை மெத்தில் அயோடைடோடு சேர்த்து நான்கிணைய உப்பாக்கி, அதைக் காரத்தோடு சேர்த்து, குடுவைக்குள்ளேயே வைனைல் கீட்டோனைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கி உடனுக்குடன் வளையமாக்கினார்கள். நீங்கள் படித்திருக்கும் ராபின்சன் வளையமாக்கலின் பழைய செய்முறைகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது.

இப்போது அந்த ரப்பர் குடுவையைப் பற்றி. அதைத் திறந்த சிங்க்கில் வைத்து அசிட்டோனால் கழுவ வேண்டாம், உள்ளே இன்னும் வைனைல் கீட்டோன் இருக்கலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஹூடுக்குள் வைத்து, நீர்த்த சோடியம் பைசல்ஃபைட் கரைசலை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மிச்சமிருக்கும் வைனைல் கீட்டோனோடு அது சேர்ந்துகொள்ளும். பிறகு கரைசலைக் கரிமக் கழிவு கேனில் ஊற்றிவிட்டு, குடுவையைச் சுரண்டிப் பாருங்கள். சுத்தமாகவில்லை என்றால் குடுவையையே விட்டுவிடுங்கள்.